வெள்ளிக்கிழமை லாபம், செவ்வாய்க்கிழமையே வெளியேற்றம்: ஃபியூச்சர்ஸ் கணக்கில் ‘மார்ஜின் கால்’ எப்போது வரும்?

2024 ஜூன் முதல் வாரம் ஞாபகம் இருக்கிறதா? சனிக்கிழமை மாலை எக்ஸிட் போல் கணிப்புகள் வந்தன. திங்கட்கிழமை பங்குச்சந்தை துள்ளிக் குதித்தது. செவ்வாய்க்கிழமை, அதாவது ஜூன் 4-ம் தேதி, வாக்கு எண்ணிக்கை. கணிப்பும் முடிவும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்ததும் நிஃப்டி ஒரே நாளில் 1,379 புள்ளிகள் விழுந்தது. கிட்டத்தட்ட 6 சதவீதம். ஆனால் அதே வெள்ளிக்கிழமை, ஜூன் 7 அன்று, நிஃப்டி 23,290-ல் முடிந்தது. சரிவுக்கு முந்தைய திங்கட்கிழமை முடிவைவிடக்கூட சில புள்ளிகள் அதிகம்.

அப்படியென்றால், நிஃப்டி ஏறும் என்று நம்பி ஃபியூச்சர்ஸ் வாங்கி வைத்திருந்தவர்கள் எல்லோரும் அந்த வார முடிவில் லாபத்தில்தானே இருந்திருக்க வேண்டும்? இல்லை. கணிப்பு சரியாக இருந்தும் பணத்தை இழந்தவர்கள் உண்டு. வெள்ளிக்கிழமை வரைக்கும் அவர்கள் ஆட்டத்திலேயே இல்லை, செவ்வாய்க்கிழமையே வெளியேற்றப்பட்டுவிட்டார்கள். காரணம், ஃபியூச்சர்ஸ் கணக்கு கடைசி நாளில் மட்டும் பார்க்கப்படும் கணக்கு அல்ல. தினமும் பார்க்கப்படும் கணக்கு. அது எப்படி நடக்கிறது என்பதை அந்த ஒரு வாரத்தை வைத்தே பார்த்துவிடலாம்.

மார்ஜின் என்பது முன்பணம் அல்ல

ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தத்தில் நுழையும்போது முழு மதிப்பையும் யாரும் கட்டுவதில்லை. அப்போது நிஃப்டி ஒரு லாட் என்பது 25. நிஃப்டி 22,531-ல் இருக்கும்போது ஒரு லாட்டின் மதிப்பு 5,63,275 ரூபாய். இதற்கு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு பணம் கணக்கில் இருந்தால் போதும், வாங்கலாம், விற்கலாம். இந்தப் பணம்தான் மார்ஜின்.

பலரும் இதை நிலம் வாங்கக் கொடுக்கும் அட்வான்ஸ் மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ‘எட்டில் ஒரு பங்கு கட்டியாச்சு, மீதியை அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று. அது தவறு. வாடகை வீட்டுக்குக் கொடுக்கும் அட்வான்ஸுக்குத்தான் இது கொஞ்சம் நெருக்கம். அந்தப் பணம் உங்களுடையதுதான். சேதாரம் இருந்தால் கழித்துக்கொள்ள வீட்டுக்காரரிடம் இருக்கும். ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வீட்டுக்காரர் நீங்கள் காலி செய்யும்போதுதான் சேதாரத்தைக் கணக்குப் பார்ப்பார். இங்கே ஒவ்வொரு நாள் மாலையும் சேதாரம் பார்த்து, கழித்து, குறைந்ததை மறுநாளே நிரப்பச் சொல்வார்கள்.

எவ்வளவு மார்ஜின் வேண்டும் என்பதை எக்ஸ்சேஞ்சின் கிளியரிங் நிறுவனம் முடிவு செய்கிறது. ஒரே நாளில் விலை எவ்வளவு தூரம் எதிராகப் போகலாம் என்பதைப் பல கோணங்களில் போட்டுப் பார்த்து ‘ஸ்பான்’ என்ற முறையில் ஒரு தொகை வரும். அதற்கு மேல் ‘எக்ஸ்போஷர் மார்ஜின்’ என்று இன்னொரு தொகை சேரும். இரண்டும் சேர்ந்ததுதான் உங்கள் புரோக்கர் ஆப்பில் தெரியும் மொத்த மார்ஜின்.

ஏன் தினமும் கணக்கு?

ஃபியூச்சர்ஸில் ஒருவருடைய லாபம் இன்னொருவருடைய நஷ்டம். வாங்கியவருக்கு 34,000 ரூபாய் நஷ்டம் என்றால், எதிரே விற்றவருக்கு அதே 34,000 லாபம். மாதக் கடைசி வரை இதை வளரவிட்டால், தோற்றவர் கையை விரித்துவிடலாம். அதனால் நடுவில் என்எஸ்இ கிளியரிங் என்ற நிறுவனம் நிற்கிறது. வாங்கியவருக்கு அதுதான் விற்றவர். விற்றவருக்கு அதுதான் வாங்கியவர். இரண்டு பக்கமும் யார் என்று உங்களுக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.

இந்த நடு ஆள் கடனை ஒரு நாளுக்கு மேல் தேங்கவிடுவதில்லை. ஒவ்வொரு நாளும் சந்தை முடிந்ததும் அந்த ஒப்பந்தத்துக்கு ஒரு தினசரி முடிவு விலை குறிக்கப்படும். நேற்றைய முடிவு விலைக்கும் இன்றையதுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தோற்றவரிடமிருந்து ரொக்கமாக எடுத்து, ஜெயித்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பணம் மறுநாள் கைமாறும். இதுதான் ‘மார்க் டு மார்க்கெட்’. டிரேடர்கள் வாயில் ‘எம்டிஎம்’. மறுநாள் எல்லோருக்கும் புதுக் கணக்கு: அந்த முடிவு விலையில் நீங்கள் புதிதாக வாங்கியதுபோலத்தான்.

ஒரு சின்ன விஷயம். அந்த முடிவு விலை என்பது மூன்றரை மணிக்கு ஸ்கிரீனில் கடைசியாகத் தெரிந்த விலை அல்ல. கடைசி அரை மணி நேரத்தில் நடந்த வர்த்தகத்தின் சராசரி. ‘நான் பார்த்தப்போ வேற விலை இருந்துச்சே, ஏன் அதிகமா பிடிச்சாங்க?’ என்று வரும் புகார்களில் பாதிக்கு இதுதான் பதில்.

அக்காவின் கணக்கு

ஒரே வீட்டில் அக்கா, தம்பி இருவர் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க ஒரு லாட்டுக்கு 75,000 ரூபாய் மார்ஜின் என்று எடுத்துக்கொள்கிறேன். நிஜத்தில் இது நாளுக்கு நாள் மாறும். ஃபியூச்சர்ஸ் விலை நிஃப்டி குறியீட்டிலிருந்து கொஞ்சம் விலகியிருக்கும் என்றாலும், இங்கே குறியீட்டின் முடிவு எண்களையே, தசமத்தை விட்டுவிட்டுப் பயன்படுத்துகிறேன்.

அக்கா கணக்கில் 90,000 ரூபாய். மே 31 வெள்ளிக்கிழமை, சந்தை முடியும் நேரத்தில் 22,531-ல் ஒரு லாட் வாங்குகிறார். 75,000 மார்ஜினாக முடக்கப்படுகிறது. 15,000 உபரி.

ஜூன் 3, திங்கள். நிஃப்டி 23,264. ஏற்றம் 733 புள்ளி. 25-ஆல் பெருக்கினால் 18,325 ரூபாய் வரவு. கணக்கில் 1,08,325. அக்கா எதுவும் விற்கவில்லை. ஆனாலும் பணம் வந்துவிட்டது. ‘விற்றால்தான் லாபம்’ என்பது பங்குக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது.

ஜூன் 4, செவ்வாய். நிஃப்டி 21,885. இறக்கம் 1,379 புள்ளி. பற்று 34,475 ரூபாய். கணக்கில் மிச்சம் 73,850. வேண்டியது 75,000. 1,150 ரூபாய் குறை. ‘மார்ஜின் பற்றாக்குறை, உடனே பணம் போடவும்’ என்று மெசேஜ். மார்ஜின் கால் என்பது இதுதான். பெயரில் ‘கால்’ இருந்தாலும் யாரும் போன் செய்ய வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒரு எஸ்எம்எஸ், ஒரு இமெயில், ஆப்பில் ஒரு சிவப்பு வரி. அவ்வளவுதான்.

அக்கா 1,150 ரூபாயை யுபிஐ-யில் அனுப்பிவிடுகிறார். புதன்கிழமை நிஃப்டி 22,620, வரவு 18,375. வியாழன் 22,821; வரவு 5,025. வெள்ளி 23,290, வரவு 11,725. கணக்கில் இப்போது 1,10,125. அவர் போட்டது 90,000, பிறகு 1,150. ஆக லாபம் 18,975 ரூபாய். வாங்கிய விலைக்கும் வெள்ளிக்கிழமை விலைக்கும் உள்ள 759 புள்ளி வித்தியாசத்தை 25-ஆல் பெருக்கினாலும் இதே தொகைதான் வரும். தினசரிக் கணக்கு மொத்த லாபத்தையோ நஷ்டத்தையோ மாற்றுவதில்லை. அது கேட்பதெல்லாம், நடுவில் வரும் ஒவ்வொரு மாலையையும் தாண்ட உங்களிடம் ரொக்கம் இருக்கிறதா என்பது மட்டும்தான்.

செவ்வாய்க்கிழமை மாலை அக்கா ஆப்பைத் திறந்திருந்தால் குழம்பியிருப்பார். பொசிஷன் பக்கத்தில் நஷ்டம் 16,150 என்று காட்டியிருக்கும். லெட்ஜரில் 34,475 கழிக்கப்பட்டிருக்கும். எது சரி? இரண்டும் சரி. பொசிஷன் பக்கம் அவர் வாங்கிய 22,531-லிருந்து கணக்குப் போடுகிறது. லெட்ஜர் திங்கட்கிழமை முடிவு விலையிலிருந்து போடுகிறது. திங்கட்கிழமை வரவான 18,325-ஐக் கழித்துப் பாருங்கள், 16,150 வந்துவிடும். மார்ஜின் கால் விஷயத்தில் நம்ப வேண்டியது லெட்ஜரைத்தான்.

அந்தக் கோடு எங்கே இருக்கிறது?

அமெரிக்கப் பாடப்புத்தகங்களில் படித்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். அங்கே இரண்டு கோடுகள் சொல்வார்கள். நுழையும்போது கட்டுவது ஒன்று, அதைவிடக் கொஞ்சம் கீழே ‘மெயின்டெனன்ஸ் மார்ஜின்’ என்று இன்னொன்று. கணக்கு இரண்டாவது கோட்டுக்குக் கீழே போனால்தான் அழைப்பு வரும். வந்துவிட்டால் இரண்டாவது கோடு வரை நிரப்பினால் போதாது. முதல் கோடு வரை திரும்ப நிரப்ப வேண்டும். நம் உதாரணத்தில் முதல் கோடு 75,000, இரண்டாவது 60,000 என்று இருந்திருந்தால், 73,850-ல் அக்காவுக்கு அழைப்பே வந்திருக்காது. 58,000-க்கு இறங்கியிருந்தால் வந்திருக்கும். அப்போது 2,000 அல்ல, 17,000 போட வேண்டியிருக்கும்.

இந்தியாவில் ஒரே கோடு என்று வைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. அன்றைய எம்டிஎம் நஷ்டம் போக, அன்றைக்குத் தேவையான முழு மார்ஜினும் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு ரூபாய் குறைந்தாலும் அது பற்றாக்குறைதான்.

எந்த விலையில் அழைப்பு வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள பெரிய கணிதம் வேண்டாம். உபரிப் பணத்தை மொத்த எண்ணிக்கையால் வகுத்தால் எத்தனை புள்ளி தாங்கும் என்று வந்துவிடும். அக்காவுக்கு உபரி 15,000. 25-ஆல் வகுத்தால் 600 புள்ளி. வாங்கிய 22,531-லிருந்து 600 குறைத்தால் 21,931. நிஃப்டி அதற்குக் கீழே முடிந்தால் அழைப்பு. செவ்வாய்க்கிழமை முடிந்தது 21,885-ல். 46 புள்ளி கீழே. 46-ஐ 25-ஆல் பெருக்குங்கள், அதே 1,150.

இப்போது தம்பிக்கு வருவோம்.

அதிகப் பணம் வைத்திருந்த தம்பி

தம்பியிடம் அக்காவைவிட நிறையப் பணம். 1,52,000 ரூபாய். அவரும் மே 31 அன்று அதே 22,531-ல் ஒரு லாட்தான் வாங்குகிறார். உபரி 77,000. அதாவது 3,080 புள்ளி விழுந்தாலும் தாங்குவார். அவருடைய கோடு 19,451-ல் இருக்கிறது. ஜூன் 4 அன்று நிஃப்டி பகலில் தொட்ட மிகக் குறைந்த அளவே 21,281. அந்த ஒரு லாட்டோடு இருந்திருந்தால் அன்றைக்கு அவர் ஆப்பைத் திறக்காமலே சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருக்கலாம்.

திங்கட்கிழமை லாபம் வந்ததும் துணிச்சல் வருகிறது. ‘உபரி சும்மாதானே கிடக்குது’ என்று அன்று மாலை 23,264-ல் இன்னொரு லாட் வாங்குகிறார். விதிப்படி தப்பே இல்லை. இரண்டு லாட்டுக்கு வேண்டியது 1,50,000; கணக்கில் 18,325 வரவையும் சேர்த்து 1,70,325 இருக்கிறது.

ஆனால் கோடு எங்கே போனது பாருங்கள். உபரி இப்போது 20,325. எண்ணிக்கை 50. வகுத்தால் 406 புள்ளி. அதாவது 19,451-ல் இருந்த கோடு ஒரே ஆர்டரில் 22,858-க்கு ஏறிவிட்டது. நிஃப்டி இரண்டு சதவீதம்கூட விழ வேண்டியதில்லை. உபரி குறைந்தது ஒரு பக்கம், ஒரு புள்ளிக்கு ஆகும் நஷ்டம் 25 ரூபாயிலிருந்து 50 ரூபாயானது இன்னொரு பக்கம். இரண்டும் சேர்ந்து தூரத்தை இப்படிச் சுருக்கும். இரண்டாவது லாட் வாங்கும்போது பெரும்பாலானோர் ‘மார்ஜின் போதுமா’ என்று மட்டும் பார்க்கிறார்கள். போதும் என்றுதான் ஆப்பும் சொல்லும்.

செவ்வாய்க்கிழமை மாலைக் கணக்குக்கே காத்திருந்தால்கூட பற்று 68,950. மிச்சம் 1,01,375. குறை 48,625. அதை அவரால் புரட்டியிருக்க முடியலாம். ஆனால் மாலை வரை யார் விட்டார்கள்?

மாலைக்கு முன்பே வரும் கத்தி

கிளியரிங் நிறுவனத்தின் கணக்கு மாலையில். புரோக்கரின் ரிஸ்க் பிரிவோ சந்தை நடக்கும்போதே பார்த்துக்கொண்டிருக்கும். ஏனென்றால், நீங்கள் கட்டாவிட்டால் கிளியரிங் நிறுவனத்துக்குக் கட்ட வேண்டியது அவர்கள். அதனால் நஷ்டம் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் உங்கள் பொசிஷனை அவர்களே முடித்துவிடலாம். இதற்கு ‘ஸ்கொயர் ஆஃப்’ என்று பெயர். கணக்குத் தொடங்கும்போது நாம் படிக்காமல் டிக் அடித்த ரிஸ்க் பாலிசியில் இதற்கான உரிமை எழுதியிருக்கும். எந்த அளவில் வெட்டுவார்கள், எச்சரிக்கைக்குப் பிறகு எவ்வளவு நேரம் தருவார்கள் என்பது புரோக்கருக்குப் புரோக்கர் மாறும். வேகமாக விழும் நாளில் அவகாசமே இல்லாமலும் போகலாம்.

தம்பியின் இரண்டு லாட்டும் 21,500-ல் முடிக்கப்பட்டதாக வைத்துக்கொள்வோம். திங்கட்கிழமை விலையிலிருந்து 1,764 புள்ளி. 50-ஆல் பெருக்கினால் 88,200. கணக்கில் மிச்சம் 82,125. போட்டது 1,52,000, நஷ்டம் 69,875 ரூபாய்.

அதே இரண்டு லாட்டும் வெள்ளிக்கிழமை வரை இருந்திருந்தால்? முதல் லாட்டில் 18,975, இரண்டாவதில் 26 புள்ளிக்கு 650. மொத்தம் 19,625 ரூபாய் லாபம். அக்காவைவிடக்கூட கொஞ்சம் அதிகம். சந்தை எந்தப் பக்கம் போகும் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. ஆரம்பத்தில் தம்பியிடம்தான் பணம் அதிகம். வித்தியாசம், உபரியை விட்டுவைத்ததில் இருந்தது.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அக்காவும் அன்று பகலில் பாதுகாப்பாக இல்லை. நிஃப்டி 21,281-ஐத் தொட்ட நிமிடத்தில் அவருடைய கணக்கு 58,750 ஆகச் சுருங்கியிருக்கும், 16,250 குறை. கண்டிப்பான புரோக்கராக இருந்தால் அவரையும் வெட்டியிருக்கலாம். ‘மாலையில 1,150 தானே’ என்பது மாலை வரை தாக்குப்பிடித்தவர் சொல்லக்கூடியது.

விலை விழாமலே அழைப்பு வருமா?

வரும். இதைத்தான் புதியவர்கள் எதிர்பார்ப்பதில்லை. அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு: உங்களிடம் இருக்கும் பணம், அவர்கள் கேட்கும் மார்ஜின். பணம் குறையாமல் கேட்பது கூடினாலும் பற்றாக்குறைதான். சந்தையின் ஆட்டம் கூடும்போது ஸ்பான் தொகையும் ஏறும். நேற்று 75,000 கேட்ட அதே லாட்டுக்கு இன்று 85,000 கேட்டால், உங்கள் விலை ஒரு பைசா நகராவிட்டாலும் 10,000 ரூபாய் கூடுதலாகத் தேவை. பெரிய சரிவு நாளில் நஷ்டமும் இந்த உயர்வும் பெரும்பாலும் கைகோத்துக்கொண்டுதான் வரும்.

இன்னொரு வழி, அடமானம் வைத்த பங்குகள். கையில் இருக்கும் பங்குகளையோ மியூச்சுவல் ஃபண்டையோ ‘பிளெட்ஜ்’ செய்து மார்ஜினாகக் காட்டலாம். மதிப்பில் ஒரு பகுதியைக் கழித்துக்கொண்டு மீதியை ஏற்றுக்கொள்வார்கள். இதில் இரண்டு சிக்கல். சந்தை விழும் நாளில் அந்தப் பங்குகளின் மதிப்பும் சேர்ந்தே விழும். நஷ்டம் கூடும் அதே நேரத்தில் ஈடும் சுருங்கும். இரண்டாவது, எம்டிஎம் நஷ்டத்தைப் பங்காகக் கட்ட முடியாது. ரொக்கம்தான். ஐந்து லட்சத்துக்குப் பங்கை அடமானம் வைத்துவிட்டு, கணக்கில் ரொக்கமே இல்லாமல் ஒரு லாட் வாங்கியவருக்கும் ஜூன் 4 மாலை 34,475 ரூபாய் கடன்தான். புரோக்கர் தன் கையிலிருந்து கட்டிவிட்டு அதற்கு வட்டி போடுவார், அல்லது பொசிஷனை முடிப்பார், அல்லது அடமானப் பங்கை விற்பார். பங்கு விற்கப்படுவது சரிவு நாளின் விலையில் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அழைப்பு வந்தால் என்ன செய்யலாம்?

வழிகள் இரண்டுதான். பணம் போடுவது, அல்லது பொசிஷனைக் குறைப்பது. ‘நாளைக்கு ஏறிடும், பார்த்துக்கலாம்’ என்பது மூன்றாவது வழி அல்ல. முடிவை ரிஸ்க் பிரிவின் கையில் கொடுப்பது.

பணம் போடுவதென்றால் வேகம் முக்கியம். யுபிஐ-க்குத் தினசரி வரம்பு உண்டு. பெரிய தொகை என்றால் நெட் பேங்கிங் தேவைப்படலாம். அது லெட்ஜரில் ஏறும்வரை பணம் வந்ததாக ஆகாது. பதற்றத்தில் வேறொருவர் வங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். உங்கள் பெயரில் பதிவான வங்கிக் கணக்கிலிருந்துதான் வர வேண்டும். தம்பிக்கு அக்கா நேரடியாகப் போட்டுவிட முடியாது. முதலில் தம்பியின் வங்கிக் கணக்குக்கு, அங்கிருந்து புரோக்கருக்கு.

பற்றாக்குறை நீடித்தால் அபராதமும் உண்டு. குறை ஒரு லட்சத்துக்குக் கீழும், தேவையான மார்ஜினில் 10 சதவீதத்துக்குக் கீழும் இருந்தால் ஒரு நாளைக்குக் குறையில் 0.5 சதவீதம், இரண்டில் ஒன்றைத் தாண்டினாலும் 1 சதவீதம். தொடர்ந்து மூன்று நாளுக்கு மேல் போனால் 5 சதவீதம் வரை ஏறும். ஆனால் உண்மையைச் சொன்னால், தனிநபர் கணக்கில் அபராதம் பெரிய செலவு அல்ல. தப்பான நேரத்தில் வெட்டப்படுவதுதான் பெரிய செலவு.

அதனால் பணம் வராது என்று தெரிந்தால் நாமே குறைத்துவிடுவது மேல். தம்பி கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 21,500-ல் இருக்கும்போது அவரிடம் 82,125 இருந்தது. இரண்டு லாட்டுக்குப் போதாது. ஆனால் ஒரு லாட்டுக்கு வேண்டிய 75,000-க்கு மேல் இருந்தது. அந்த நிமிடம் அவரே ஒரு லாட்டை மட்டும் விற்றிருந்தால், மிச்சமிருக்கும் லாட் 21,281-ஐயும் தாங்கியிருக்கும்: மேலும் 219 புள்ளி, 5,475 ரூபாய், மிச்சம் 76,650. கோட்டுக்கு மேலேதான். வெள்ளிக்கிழமை அந்த ஒரு லாட் 23,290-க்கு வந்திருந்தால் 44,750 ரூபாய் மீண்டிருக்கும். மொத்த நஷ்டம் 69,875-க்குப் பதில் 25,125.

திரும்பி வரும் என்று அன்று யாருக்கும் தெரியாது, சரி. இன்னும் விழுந்திருந்தால் ஒரு லாட் நஷ்டமும் சேர்ந்திருக்கும். ஆனால் எந்த லாட்டை, எப்போது விற்பது என்ற முடிவு அவர் கையில் இருந்திருக்கும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் 25 லாட் காலத்தது. 2024 நவம்பரில் ஒப்பந்தத்தின் குறைந்தபட்ச மதிப்பை செபி உயர்த்தியபோது நிஃப்டி லாட் 75 ஆனது. அந்த அளவில் இதே 1,379 புள்ளி சரிவு ஒரு லாட்டுக்கு 1,03,425 ரூபாய். லாட் அளவு அவ்வப்போது மாறும். ஆர்டர் போடும் நாளில் எவ்வளவு என்று பார்த்து, அந்த எண்ணால் உபரியை வகுக்க வேண்டும்.

மார்ஜினோடு நஷ்டம் நின்றுவிடுமா?

நிற்காது. ‘போனா மார்ஜின் பணம்தானே போகும்’ என்று நினைப்பவர்களுக்கு 2020 ஏப்ரல் 20-ஐச் சொல்லலாம். ஊரடங்கால் எம்சிஎக்ஸ் சந்தையில் வர்த்தகம் மாலை 5 மணியோடு நிறுத்தப்பட்டிருந்த காலம். அன்று காலாவதியாகும் கச்சா எண்ணெய் ஒப்பந்தம் 5 மணிக்குப் பீப்பாய் 965 ரூபாயில் நின்றது. அதன் இறுதி விலையோ அன்றைய அமெரிக்கச் சந்தை முடிவைப் பொறுத்தது. நம் ஊரில் இரவானபோது அங்கே எண்ணெய் விலை வரலாற்றில் முதல்முறையாகப் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனது. பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலர். இங்கே இறுதி விலை மைனஸ் 2,884 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது.

ஒரு லாட் 100 பீப்பாய். 965-லிருந்து மைனஸ் 2,884 வரை 3,849 ரூபாய். ஒரு லாட் வாங்கி வைத்திருந்தவருக்கு நஷ்டம் 3,84,900 ரூபாய். ஒப்பந்தத்தின் மொத்த மதிப்பே மாலை 5 மணிக்கு 96,500 ரூபாய்தான். மார்ஜின் எவ்வளவு கட்டியிருந்தாலும், மீதியை அவர் கையிலிருந்து கட்ட வேண்டியிருந்தது. சந்தை மூடியிருந்ததால், நடுவில் விற்று வெளியேறவும் வழி இல்லை.